முட்டியும் கண்ணாடியும்: ஒரே சம்பவம், மூன்று எழுத்து

வயதாகிவரும் தன் உடம்பைப் பற்றிச் சிரிப்போடு எழுத நினைப்பவர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் இறங்குகிறார். நடந்ததை ஊதிப் பெரிதாக்குவது ஒன்று. முட்டிக்கும் முதுகுக்கும் வாய் கொடுத்துப் பேசவிடுவது இன்னொன்று. நடந்ததை நடந்த வரிசையிலேயே, கை எங்கே பிடித்தது, கால் எங்கே நின்றது என்று எழுதுவது மூன்றாவது. மூன்றிலும் சிரிப்பு வரும். ஆனால் சுயபச்சாதாபத்தை வாசலிலேயே நிறுத்துவதில் மூன்றும் ஒன்றல்ல. நான் மூன்றாவதன் பக்கம். ஏன் என்று சொல்ல, ஒரே சம்பவத்தை மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்துவிடலாம்.

சம்பவம் சின்னது. எழுதுபவருக்கு 62 வயது என்று வைத்துக்கொள்வோம். தூரப் பார்வையில் குறை இல்லை. படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். வலது முட்டி விறைப்பு. படித்துக்கொண்டே தூங்கிப்போனதில் கண்ணாடி நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. காலையில் அதை எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் மிகை:

"கண்ணாடி விழுந்தது கட்டிலுக்கு அடியில் அல்ல, பாதாள லோகத்தில். குனிந்தபோது என் முட்டி போட்ட சத்தத்தில் அடுத்த தெரு நாய்கள் குரைத்தன. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குக் கட்டிலுக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருவழியாக எழுந்து நின்றபோது மறுநாள் விடிந்திருந்தது."

முதல் வரிக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டாவதற்கும் கொஞ்சம் வரலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைத் தாண்டியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுகிறது. நான்காவது வரியில் முட்டியும் இல்லை, கண்ணும் இல்லை, வெறும் சாமர்த்தியம் மட்டும் மிச்சம். இதைவிடப் பெரிய குறை மூன்றாவது வரியில் இருக்கிறது. அது பொய், அதுவும் பயனில்லாத பொய். வெள்ளெழுத்து வந்தவருக்குக் கட்டில் நன்றாகவே தெரியும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது உப்பிக் குவிய வேண்டும். வயது ஏற ஏற அது இறுகிப்போய் உப்ப மறுக்கிறது. 40 வயதை ஒட்டி இது உறைக்கத் தொடங்கும். 60-ஐத் தாண்டும்போது லென்ஸ் ஏறக்குறைய வளைந்து கொடுப்பதையே விட்டுவிடும். மங்குவது பக்கத்தில் இருப்பவைதான்; தூரத்தில் இருப்பவை அல்ல. 'கண்ணே தெரியவில்லை' என்று பொதுவாக ஊதிவிட்டால் இந்த விசித்திரம் முழுவதும் கைநழுவிப் போகிறது. உண்மையில் வேடிக்கை அங்கேதான் இருந்தது.

அடுத்தது, உறுப்புக்கு வாய் கொடுப்பது:

"'குனியாதே' என்றது வலது முட்டி. 'கண்ணாடி கீழே கிடக்கிறதே' என்றேன். 'கிடக்கட்டும். இத்தனை வருஷமாக உன்னைச் சுமக்கிறேன். ஒருநாளாவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயா?'"

படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். முட்டியின் பெயரை எடுத்துவிட்டு எழுதியவரின் பெயரைப் போட்டால் அது அசல் புலம்பல். நானாகப் புலம்பினால் வெட்கம் என்பதால் முட்டியைப் புலம்பவிட்டிருக்கிறேன். இந்த வழியில் எழுதப்படும் பல கட்டுரைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. எழுதியவருக்கே அது தெரிவதில்லை, ஏனென்றால் பேசுவது வேறு யாரோ என்ற நினைப்பு.

இதைத் திருத்த முடியும். உறுப்பைப் பாவமாகக் காட்டாமல், விவரம் தெரிந்ததாகக் காட்ட வேண்டும். முட்டி சொல்வது சரி, அதைக் கேட்காதவர்தான் அவசரக்காரர் என்று வைத்துப் பாருங்கள்:

"'சட்டத்தைப் பிடித்துக்கொள்' என்றது முட்டி. பிடிக்கவில்லை. 'சரி, அப்போது மெத்தையையாவது பிடி.' மெத்தையைப் பிடித்தேன். மெத்தை என்னோடு சேர்ந்து கீழே வந்தது. முட்டி ஒன்றும் சொல்லவில்லை."

இப்போது அனுதாபம் கேட்கும் குரல் யாருக்கும் இல்லை. முட்டிக்கு ஒரு குணம் வந்துவிட்டது. இருந்தாலும் இந்த உத்தி ஒரு பத்திக்குத்தான் தாங்கும். கண்ணும் பேசி, தோளும் பேசி, இடுப்பும் பேச ஆரம்பித்தால் எந்தக் குரல் எதனுடையது என்று வாசகர் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி:

"வாசலில் நின்று பார்த்தால் கண்ணாடி தெளிவாகத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில், சுவரோரம், ஒரு காம்பு மடங்கிக் கிடந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இடது முட்டியைத் தரையில் ஊன்றினேன். வலது முட்டி ஊன்றுவதற்கு ஒத்துக்கொள்ளாது. தலையைத் தரைக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் போகப் போகக் கண்ணாடி கரைய ஆரம்பித்தது. கைக்கு எட்டும் தூரம் வந்தபோது சாம்பல் நிறத்தில் இரண்டு மூட்டம் இருந்தன. ஒன்று கண்ணாடி, இன்னொன்று தூசி. தூசியை எடுத்தேன். வாசலுக்குத் திரும்பிப் போனால் எது எது என்று தெரிந்துவிடும். ஆனால் அதற்கு எழ வேண்டும். மற்றதை எடுத்து மாட்டிக்கொண்டேன். கையில் இருந்த தூசி மிகத் துல்லியமாகத் தெரிந்தது. எழும்போதுதான் பார்த்தேன், முன்னால் ஊன்றியிருந்தது வலது கால். எழ வேண்டுமானால் முன்பக்கம் இருக்க வேண்டியது இடது கால். இறங்குவதற்கு வசதியான கால் எழுவதற்கு ஆகாத கால் என்று அங்கே உட்கார்ந்து கண்டுபிடித்தேன். கால் மாற்ற இடம் போதாமல், கட்டிலைச் சுற்றி இன்னும் கொஞ்சம் தவழ்ந்தேன்."

இதில் ஊதியது எதுவும் இல்லை. தூரத்தில் தெரிந்தது கிட்டப் போனால் மறைவது வெள்ளெழுத்தின் இயல்பு. ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தவர் எழும்போது, பாரத்தைத் தூக்குவது முன்னால் பாதம் பதித்திருக்கும் கால்தான். அதனால் நல்ல கால் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் நல்ல முட்டியைத் தரையில் ஊன்றினால் நோகும் கால் தானாக முன்னால் வந்துவிடும். இந்த முரண்பாடு உடம்பிலேயே இருக்கிறது. எழுதுபவர் அதைக் கவனித்தால் போதும். சுயபச்சாதாபத்துக்கு இங்கே இடம் கிடைக்காததற்குக் காரணம், கதையில் இருப்பவருக்கு வேலை இருக்கிறது. எந்தக் காலை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்குத் தன்னை நினைத்து உருக நேரம் இல்லை.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு. எல்லாப் படிகளையும் எழுதினால் அது மருத்துவக் குறிப்பு ஆகிவிடும். மேலே உள்ள பத்தியின் முதல் எழுத்தில் போர்வையை விலக்கியது, விளக்கைப் போட்டது, செருப்பைத் தேடியது எல்லாம் இருந்தன. அவற்றை வெட்டிவிட்டேன். வெட்ட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: மனம் ஒன்றைச் செய்யச் சொல்லி உடம்பு வேறொன்றைச் செய்கிற படிகள் மட்டும் நிற்கட்டும். விளக்கைப் போடுவதில் இரண்டுக்கும் சண்டை இல்லை, அதனால் அது வேண்டாம். தூசியை எடுத்ததில் சண்டை இருக்கிறது, அது இருக்கட்டும்.

துல்லியமாக எழுதுவதில் இன்னொரு நன்மை உண்டு. எழுத்துக்கு வெளியே, எழுதுபவரின் உடம்புக்கே ஆகும் நன்மை அது. 'காலையில் எழுந்தால் முட்டி மரக்கட்டை' என்று எழுதினால் அதில் தகவல் இல்லை. 'பல் விளக்கி, காபி ஆறுவதற்குள் முட்டி மடங்கிவிட்டது' என்று எழுதினால் இருக்கிறது. தேய்மானத்தால் வரும் காலை விறைப்பு பொதுவாக அரைமணிக்குள் தளர்ந்துவிடும். ஒரு மணி நேரம் ஆகியும் தளராமல், மூட்டு வீங்கிச் சூடாகவும் இருந்தால் அது வேறு ரகமாக இருக்கலாம். அப்போது முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும், எழுத்து அப்புறம். மிகை இந்த வித்தியாசத்தை மூடிவிடுகிறது. எல்லா நாளும் மரக்கட்டை என்று எழுதுபவருக்கு எந்த நாள் நிஜமாகவே மோசம் என்று பிறகு தெரியாது.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு: அன்று அப்படி ஓடினேன், இன்று இப்படி நிற்கிறேன் என்பது. சிரிப்புக்கு இது சரிப்படாது. இந்த வழியின் உச்சத்தைப் புறநானூற்றின் 243-ஆம் பாட்டு எப்போதோ தொட்டுவிட்டது. ஆழமான மடுவில் மரக்கிளையிலிருந்து தொபுக்கென்று குதித்து அடிமணலை அள்ளி வந்த இளமையைக் கிழவர் ஒருவர் நினைத்துப் பார்க்கிறார். இப்போது கோலை ஊன்றி நடுங்கி நிற்கிறார். பேச்சு 'இருமிடை மிடைந்த சிலசொல்', இருமலுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டு வரும் சில சொற்கள். பாட்டு இரக்கத்தோடுதான் தொடங்குகிறது, இரங்கவே எழுதப்பட்டது. ஆனால் அதிலும் மனதில் நிற்பது அந்த இருமலின் துல்லியம்தான். இரங்கல் வேண்டாம், சிரிப்பு வேண்டும் என்பவர் அந்தப் பாட்டிலிருந்து இருமலை மட்டும் கற்றுக்கொள்ளலாம், மடுவை விட்டுவிடலாம்.

எழுதி முடித்ததில் பச்சாதாபம் புகுந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, வீட்டில் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. கேட்டவர் 'அப்படியெல்லாம் சொல்லாதீங்க, உங்களுக்கு என்ன வயசாயிடுச்சு' என்றால் எழுத்து ஆறுதல் கேட்டிருக்கிறது. 'அப்புறம் எப்படித்தான் எழுந்தீங்க?' என்று கேட்டால் சரியாக வந்திருக்கிறது. ஆறுதல் கேட்ட வரியைக் கண்டுபிடிப்பதும் அவ்வளவு கஷ்டமல்ல. 'இப்போதெல்லாம்', 'என்ன செய்வது', 'முன்னே மாதிரி இல்லை' என்று தொடங்கும் வரிகளில் முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அந்த வரியை அப்படியே எடுத்துவிடலாம், பத்திக்கு ஒரு குறையும் வராது.

மிகையை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துல்லியமான பத்தி ஒன்றுக்குள் ஒரே ஒரு மிகை வந்தால் அது நன்றாகவே ஒலிக்கும், மற்ற வரிகள் எல்லாம் நிஜம் என்று வாசகர் நம்பிவிட்டதால். மேலே உள்ள பத்தியில் அதற்கு இடம் ஒன்றுதான் இருக்கிறது, தவழும் இடம். 'கட்டிலைச் சுற்றி இன்னும் கொஞ்சம் தவழ்ந்தேன்' என்பதை 'கட்டிலை ஒருமுறை முழுவதும் வலம் வந்தேன்' என்று மாற்றலாம். தூசி இருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.