ஷட்டவுன் இந்த ஞாயிறா, தீபாவளிக்கா? 2ஆம் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் பற்றி மேலாளருக்கு

பெறுநர்: மேலாளர் அவர்கள்
பொருள்: 110/11 கேவி, 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் எண் 2, ஆயில் பரிசோதனைக்கான ஷட்டவுன்

ஐயா,

வணக்கம். ஆயில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பிடிவி 58 கேவி வந்திருக்கிறது, ஈரப்பதம் 14 பிபிஎம்தான், பிறகு எதற்கு ஷட்டவுன்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிடிவி சொல்வது ஆயிலில் ஈரமும் தூசியும் எவ்வளவு என்பதை மட்டுமே. உள்ளே எங்காவது தீப்பொறி பறந்து, அதில் பிறந்த வாயு ஆயிலில் கரைந்திருந்தால் பிடிவி குறையாது. அது டிஜிஏவில்தான் தெரியும். அங்கே அசிட்டிலீன் 3 பிபிஎம்மிலிருந்து 18 ஆகியிருக்கிறது. ஹைட்ரஜன் 7 பிபிஎம். மற்ற வாயுக்களில் மாற்றமில்லை.

அசிட்டிலீன் வெறும் சூட்டில் வருவதல்ல, பெரும்பாலும் ஆர்க் அடித்தால்தான் வரும். ஆர்க் எங்கே என்பதுதான் கேள்வி. ஓஎல்டிசியின் டைவர்ட்டர் அறையில் ஒவ்வொரு டேப் மாற்றத்திலும் பொறி பறக்கும், அங்கே அசிட்டிலீன் இருப்பது இயல்பு. அந்த ஆயில் சீல் வழியே மெயின் டேங்குக்குக் கசிந்தாலும் இதே ரிப்போர்ட் வரும். அசிட்டிலீன், ஹைட்ரஜனைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் ஓஎல்டிசி கசிவைச் சந்தேகி என்கிறது ஐஇசி 60599. நமக்கு 18-ஐ 7-ஆல் வகுத்தால் சுமார் 2.6. அதாவது எல்லைக்கோட்டில் நிற்கிறோம். கசிவு என்றால் பழுது சின்னது. வைண்டிங்கிலோ டேப் செலக்டரிலோ ஆர்க் என்றால் கதையே வேறு.

நம் முன் மூன்று வழிகள் உள்ளன.

லைவில் வைத்தே மீண்டும் மீண்டும் சாம்பிள் எடுப்பது முதல் வழி. இதற்கு உற்பத்தி நிற்க வேண்டாம். கீழ் வால்விலிருந்து கொஞ்சம் ஆயிலை வழியவிட்டு, காற்றுக் குமிழ் இல்லாமல் கண்ணாடி சிரிஞ்சில் பிடித்தால் போதும். வாயு ஏறும் வேகம் தெரியும், ஏறும் இடம் தெரியாது. டேப்பை மேனுவலில் போட்டு நிறுத்திவிட்டுப் பார்க்கலாமே என்று ஷிப்ட் ஆட்கள் சொன்னார்கள். அதிலும் குழப்பம் தீராது, டைவர்ட்டர் அறையில் ஏற்கெனவே இருக்கும் வாயு கசிந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது, தீபாவளி விடுமுறை வரை பொறுப்பது. செலவுக் கணக்கில் இதுதான் மலிவு. பக்ஹோல்ஸ் ரிலே காப்பாற்றும் என்று நம்பித்தான் பலரும் இப்படிப் பொறுக்கிறார்கள். ஆனால் கரைந்திருக்கும் வாயு அந்த ரிலேவுக்குத் தெரியாது, குமிழாகப் பிரிந்து மேலே வந்தால்தான் அலாரம் அடிக்கும். வேலை நாளில் அது டிரிப் ஆனால், 20 எம்விஏ லோடும் மற்ற 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் தலையில் விழும். எந்த ஃபீடரை நிறுத்துவது என்று அப்போது ஓடிக்கொண்டே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது: இந்த ஞாயிறு காலை 6 முதல் பிற்பகல் 2 வரை ஷட்டவுன். ஞாயிறு லோடு 13 எம்விஏ, 1ஆம் டிரான்ஸ்ஃபார்மர் தனியாகவே தாங்கும். இருபுறமும் பிரேக்கர், ஐசொலேட்டர் திறந்து, எர்த் போட்டு, பெர்மிட் கொடுத்த பிறகு டைவர்ட்டர் அறை ஆயிலை வடித்துவிடுவோம். டைவர்ட்டரை வெளியே தூக்கி, காலி சிலிண்டரின் உள்சுவரைத் துணியால் உலரத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காத்திருப்போம். மெயின் கன்சர்வேட்டர் ஆயிலின் அழுத்தம் வெளியிலிருந்து தள்ளுவதால், சீல் போயிருந்தால் சுவரிலோ அடியிலோ ஆயில் வியர்த்து வழியும். எந்த போல்ட், எந்த சீல் என்பதைக் கையை வைத்தே காட்டலாம். எத்தனை டிஜிஏ எடுத்தாலும் இந்த ஒரு விவரம் கிடைக்காது. காத்திருக்கும் நேரத்தில் ஐஆர் பார்த்துவிடலாம். டைவர்ட்டரைத் திரும்பப் பொருத்தியதும் எல்லா டேப்பிலும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுப்போம்.

கசிவு தெரிந்தால் சீலை இறுக்கியோ மாற்றியோ, புது ஆயில் ஊற்றி அன்றே சார்ஜ் செய்யலாம். சீல் கையில் இல்லாவிட்டால் மட்டும் ஒரு வாரம் தள்ளும், அதனால் இப்போதே சப்ளையரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கசிவே இல்லை, ஏதோ ஒரு டேப்பில் ரெசிஸ்டன்ஸ் மற்ற டேப்களோடு ஒட்டாமல் நிற்கிறது என்றால் சார்ஜ் செய்யச் சொல்ல மாட்டேன். இரண்டிலும் ஒன்றும் சிக்காவிட்டால், சார்ஜ் செய்துவிட்டு வாரம் ஒரு டிஜிஏ என்று போகலாம். முதல் வழிக்கு அப்போதுதான் அர்த்தம் வரும்.

இந்த 18 பிபிஎம் ஷட்டவுனால் மறையாது, வேக்கம் ஃபில்டர் போட்டால்தான் இறங்கும். அது ஒரு நாள் வேலையல்ல, இப்போது கேட்கவும் இல்லை. ஞாயிறு எடுக்கும் சாம்பிளை அடிக்கணக்காக வைத்து, அதற்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

வியாழன் மாலைக்குள் ஒப்புதல் கிடைத்தால் டெஸ்டிங் ஆட்களையும் கிரேனையும் உறுதி செய்துவிடுவேன். அதுவரை 2ஆம் டிரான்ஸ்ஃபார்மர் டேப் மேனுவலிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
துணை மின் நிலையப் பொறியாளர்