வாடகைப் பங்கு பிந்தினா: நேர கேக்கிறதா, மெசேஜா, குரூப்பா, ஆள் மூலமா?

கிளிநொச்சி, வவுனியா பக்கம் மூண்டு நாலு பேர் சேர்ந்து வீடெடுத்து இருக்கிறது இப்ப சாதாரணம். அறிவியல் நகரிலயும் பம்பைமட்டிலயும் படிக்கிற பிள்ளையள், கச்சேரி, பாங்க், கார்மென்ட்ஸ் வேலைக்கு வந்த ஆக்கள் எண்டு எல்லாரும் இப்பிடித்தான் இருக்கினம். இதில ஒராள் வாடகைப் பங்கையோ கரண்ட் பங்கையோ பிந்தினா மற்றவை எப்பிடிக் கேக்கிறது எண்டுதான் இதில எழுதப்போறன். கேக்கிற வழி நாலு இருக்கு. தனிய நேர கேக்கலாம், அவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில போடலாம், வீட்டு குரூப்பில போடலாம், இல்லாட்டி இன்னொராள் மூலமா சொல்லலாம். நாலும் ஒண்டில்லை, வித்தியாசம் பெரிசு.

சும்மா பொதுவா கதைக்காம ஒரு வீட்டை எடுப்பம். கரடிப்போக்குச் சந்திப் பக்கம் ஒரு வீடு, மாச வாடகை 24,000, மூண்டு பெடியள், ஆளுக்கு 8,000. ரெண்டு பேருக்கு மாசச் சம்பளம், மூண்டாமவருக்கு நிரந்தர வேலை இல்லை, பயிற்சியில இருக்கிறார், வீட்டில வயல் இருக்கு, காசு அங்க இருந்துதான் வரோணும். ஜனவரி வாடகை அவர் தரேல்லை, மற்ற ரெண்டு பேரும் போட்டு வீட்டுக்காரருக்குக் குடுத்திட்டினம். டிசம்பர் கரண்ட் பில் 4,500, அதில அவற்ற பங்கு 1,500, அதுவும் நிக்குது. ஆக 9,500.

முதல்ல குரூப்பை எடுப்பம், ஏனெண்டா கனபேர் கை போற இடம் அதுதான். பில்லை போட்டோ எடுத்துப் போட்டு, கீழ 'இன்னும் ஒராள் தரேல்லை' எண்டு எழுதுறது. இருக்கிறதே மூண்டு பேர், ரெண்டு பேர் குடுத்தாச்சு, அப்ப அந்த ஒராள் ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும். அவர் பதில் போட்டாலும் வெக்கம், போடாட்டியும் வெக்கம். பெரும்பாலும் போடமாட்டார், நீலக் கோடு மட்டும் விழும், பேந்து இரவைக்குப் பிந்தி வருவார், சாப்பாட்டை வெளியில முடிச்சிட்டு வருவார். காசும் வராது, கதையும் நிக்கும். குரூப் நல்லது ஒண்டுக்கு மட்டும்தான், பில் வந்த அண்டைக்கே போட்டோவைப் போட்டு மொத்தம் இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு எண்டு எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்றதுக்கு. அதில ஒருத்தருக்கும் நோகாது. ஒராளின்ர நிலுவையை அதில எழுதக்கூடாது, நான் இதில நல்ல உறுதியா இருக்கிறன்.

ஆள் மூலமாச் சொல்றது இன்னும் மோசமாப் போகலாம். மற்ற ரூம்மேட்டிட்ட 'நீ ஒருக்கா அவனிட்டச் சொல்லு' எண்டு விட்டா, ரெண்டு பேரும் தனக்குப் பின்னால கதைச்சிருக்கினம் எண்டுதான் அவருக்குப் படும். வீட்டுக்காரர் மூலம் எண்டா வேண்டவே வேண்டாம். எங்கட பக்கம் வீட்டுச் சொந்தக்காரர் பக்கத்து வளவில இருப்பார், இல்லாட்டி அவர் வெளிநாட்டில இருக்க, அவற்ற உறவுக்காரர் ஒராள் வந்து வாடகை வாங்குவார், ரெண்டிலயும் கதை ஊருக்குள்ள போயிடும், அந்தப் பெடியன்ர தாய் தேப்பனின்ர காதுக்கும் போயிடும். தான் காசு குடுக்கேல்லை எண்டதை விட தன்ர வீட்டுக்குத் தெரிய வந்திட்டுது எண்டதுதான் ஆளை உடைக்கும்.

இப்ப மிஞ்சிறது தனிய மெசேஜும் நேர கேக்கிறதும். கனபேர் மெசேஜைத்தான் நாகரிகம் எண்டு நினைக்கினம், முகத்தைப் பாக்கத் தேவையில்லை, கணக்கும் எழுத்தில இருக்கும். அதில உண்மை இருக்கு. ஆனா ஒரே வீட்டில அடுத்த அறையில இருந்துகொண்டு காசுக்கு மெசேஜ் போட்டா அதின்ர தொனியை வாசிக்கிற ஆள்தான் தீர்மானிக்கிறார், நீங்கள் இல்லை. 'மச்சான் அந்த காசு' எண்டு மட்டும் போட்டா கோபமா, ஞாபகப்படுத்திறதா, தேவையா எண்டு விளங்காது. மற்றது, மெசேஜில அவர் 'ஓம் மச்சான் தாறன்' எண்டு ஒரு வரியில முடிச்சிடலாம், அதில நாளும் இல்லை தொகையும் இல்லை.

நேர கேட்டா இது நடக்காது, அதுக்காகத்தான் நான் நேர கேக்கிறதை முதல் வைக்கிறன். ஆனா எங்க, எப்ப எண்டது முக்கியம். சோத்துக் கோப்பைக்கு முன்னால கேக்கக்கூடாது. அவற்ற ஊர்ப் பெடியள் வந்து நிக்கேக்க கேக்கக்கூடாது. ஊருக்குப் போட்டு வந்து பாக்கைக் கீழ வைக்கிற நேரம் கேக்கவே கூடாது, காசோட வருவான் எண்டு பாத்துக்கொண்டு இருந்த மாதிரி இருக்கும். ரெண்டு பேரும் கடைக்கு நடந்து போகேக்க, இல்லாட்டி பின்னேரம் வெளியில இருக்கேக்க, பக்கத்துப் பக்கத்தில, முகத்துக்கு முகம் இல்லாம கதைக்கிறது லேசு. சொல்றதும் சுத்தி வளைக்காமல்: 'மச்சான், ஜனவரி வாடகையில உன்ர பங்கை நாங்கள் ரெண்டு பேரும் போட்டு அவருக்குக் குடுத்திட்டம், இப்ப உனக்கு எப்பிடி நிலமை, எப்ப ஏலும்?' இதில குற்றம் சொல்ற ஒரு சொல்லும் இல்லை, ஆனா காசு குடுபட்டிட்டுது, இனி அவர் திருப்பித் தரோண்டியது உங்களுக்கு எண்டது தெளிவா இருக்கு. அவர் உங்களை விட மூத்தவர் எண்டா 'அண்ணை, உங்கட பங்கை...' எண்டு அதே மரியாதையோட கேளுங்கோ, காசு எண்டவுடன தொனி மாறினா அதைத்தான் அவர் மறக்கமாட்டார். பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீட்டிலயும் இதேதான், 'அக்கா' எண்டு கூப்பிட்ட ஆளை காசு கேக்கேக்க மட்டும் பேர் சொல்லக்கூடாது.

பதிலா அவர் என்ன சொல்லுவார்? எங்கட வீட்டுக் கேஸில 'நெல்லு வெட்டினவுடன தாறன்' எண்டுவார். இது வன்னியில பொய்ச் சாட்டு இல்லை, காலபோக நெல்லு பெப்ரவரி மார்ச்சிலதான் வெட்டுப்படும், உண்மையா அப்பதான் காசு. ஆனா வெட்டுற நாளும் காசு கைக்கு வாற நாளும் வேற வேற. நெல்லு ஈரமா இருந்தா காயப்போடோணும், நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் குடுக்கிறதெண்டா ஈரம் 14 வீதத்துக்கு மேல போகக்கூடாது, யாவாரிக்கு ஈரத்தோட குடுத்தா விலை குறையும், சில யாவாரி காசைப் பிந்தித்தான் தருவான். மெஷின் காசும் உரக்கடைக் கடனும் முதல்ல கழியும். அதனால 'எப்ப வெட்டுறீங்கள்' எண்டு கேக்காம 'எப்ப காசு கைக்கு வரும், அதில உனக்கு எவ்வளவு கிடைக்கும்' எண்டு கேளுங்கோ. இது நேரிலதான் கேக்கலாம், மெசேஜில கேட்டா விசாரணை மாதிரிக் கிடக்கும்.

கரண்ட் காசில இன்னொரு சிக்கல் இருக்கு, அதையும் நேரிலதான் அவிழ்க்கலாம். வாடகையில சண்டை வராது, 8,000 எண்டா 8,000. கரண்ட் பங்கை ஆள் தராம விடுறதுக்குக் காரணம் சில நேரம் காசில்லாதது இல்லை, கணக்கு நியாயம் இல்லை எண்டு மனசுக்குள்ள இருக்கிறது. 'நான் டிசம்பரில பாதி நாள் வயலில நிண்டனான், நானேன் முழுசாக் குடுக்கோணும்?' இதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், பிந்தி மட்டும் காட்டுவார். அவர் சொல்றதிலும் நியாயம் இருக்கு. ஆனா அவர் இல்லாத நாளும் பிரிட்ஜ் ஓடினதுதானே, நிலைக் கட்டணமும் வந்ததுதானே. மற்றது 60 யூனிட் தாண்டினா வேற விலைக் கணக்கு, ஆக்கள் கூடி இருக்கிற வீடு அதை லேசாத் தாண்டிடும், ஒராளால வந்த கூடுதலை மட்டும் பிரிச்செடுக்கிறது கஷ்டம். அதால பாதியைச் சரிசமனா, பாதியை நின்ற நாள்ப்படி பிரிக்கிறது நல்லாப் பொருந்தும். 4,500இல பாதி 2,250, ஆளுக்கு 750. மற்ற 2,250ஐ நாளுக்குப் பிரிப்பம். ரெண்டு பேர் 30 நாள், அவர் 15 நாள், மொத்தம் 75, நாளுக்கு 30 ரூபா. அவருக்கு 450, மற்றவைக்கு 900 படி. ஆக அவற்ற பங்கு 1,200, மற்றவைக்கு 1,650 படி. 300 ரூபாதான் குறைஞ்சது, ஆனா அந்த 300க்குத்தான் அவர் 1,500ஐயும் பிடிச்சு வைச்சிருந்தவர்.

இப்ப மொத்தம் 9,200. இதை ஒரேயடியாக் கேக்கிறதோ பிரிச்சுக் கேக்கிறதோ? நான் பிரிச்சுத்தான் கேப்பன், அதுவும் கரண்டை முதல். வாடகையை நீங்கள் குடுத்திட்டீங்கள், வீட்டுக்காரர் வந்து நிக்கமாட்டார். கரண்ட் பில்லில நிலுவை விட்டா அது அடுத்த பில்லில சேர்ந்து வரும், பேந்து சிவப்பு நோட்டீஸ், வெட்டினா திரும்ப இணைக்கிற காசும் எல்லாற்ற தலையிலயும். அதால 1,200ஐ இந்தக் கிழமை, வாடகையில 2,000ஐ மாசக் கடைசியில, மிச்சம் 6,000ஐ நெல்லுக் காசு கைக்கு வந்தவுடன.

இதில ஒரு வழி எங்கட பக்கத்துக்கு நல்லாச் சரிவரும், காசுக்குப் பதிலா அரிசி. வயல்காரப் பெடியன் வீட்டில இருந்து குத்தின அரிசி கொண்டு வாறவன்தான், அதைக் கணக்கில எடுங்கோ. ஆனா கொண்டு வந்த அண்டைக்கே கடையில அதே மாதிரி அரிசி கிலோ என்ன விலை எண்டு பாத்து, கிலோவை நிறுத்து, அந்தத் தொகையைக் கழிக்கோணும். அப்பிடிச் செய்யாட்டி, அவர் தான் ஒரு மூட்டை அரிசி தந்ததெண்டு நினைப்பார், நீங்கள் அது சும்மா சாப்பாட்டுக்குத் தந்ததெண்டு நினைப்பீங்கள், ரெண்டு பேரும் மற்றவன் நன்றி இல்லாதவன் எண்டு மனசுக்குள்ள வைச்சிருப்பினம். ஒண்டும் சொல்லாம சமையல் காசில கழிக்கிறதும் அதே பிழைதான், கழிக்கிறதெண்டா சொல்லிக் கழிக்கோணும்.

கதைச்சு முடிஞ்ச அண்டைக்கு இரவுதான் மெசேஜ் வேலை செய்யும். 'மச்சான், கதைச்சபடி: கரண்ட் 1,200 வெள்ளி, வாடகையில 2,000 மாசக் கடைசி, மிச்சம் 6,000 நெல்லுக் காசு வரேக்க. பிழை எண்டா சொல்லு.' இது கேள்வி இல்லை, ரெண்டு பேருக்கும் ஞாபகம். அவர் ஒரு 'ஓம்' போட்டாக் காணும். இனி திரும்பத் திரும்பக் கேக்கத் தேவையில்லை, வெள்ளி வந்தா அவருக்கே தெரியும்.

வெள்ளி வரேல்லை எண்டா? ரெண்டு நாள் விட்டு ஒருக்காக் கேளுங்கோ, அதுவும் தனிய, 'வெள்ளி சரிவரேல்லையோ, அப்ப எப்ப வைப்பம்?' எண்டு. முதல் தரம் நாள் தப்பினா அது நிலமை. அடுத்ததா வைச்ச நாளும் தப்பி, ஆள் கதைக்கவும் மறுத்து, ஆனா புது போன் வாங்கிறார் எண்டா, அது காசில்லாத கதை இல்லை, அப்ப கடைசி வழியா ரெண்டு பேரும் மதிக்கிற ஒரு மூத்தாளைக் கூட்டிக்கொண்டு வந்து அவருக்கு முன்னாலயே கதைக்கலாம், பின்னால இல்லை. வீட்டு அட்வான்ஸில அவற்ற பங்கு எவ்வளவு கிடக்கு எண்டும் அந்த இடத்திலயே பாருங்கோ. நிலுவை அதுக்குள்ள அடங்குதெண்டா, அவர் வீட்டை விட்டுப் போகேக்க அட்வான்ஸில கழிச்சு மிச்சத்தைக் கையில குடுக்கிறதெண்டு முடிவெடுத்து, வீட்டுக்காரரிட்ட அட்வான்ஸ் ஆற்ற பேரில எழுதினது எண்டதையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளோணும்.