லைட் சிகரெட்டா, சாதா சிகரெட்டா?

காசிமேடு டீக்கடையில் "நான் லைட்டுதாண்ணே அடிக்கிறேன்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சாதாவைவிட லைட்டில் கெடுதல் உண்மையிலேயே குறைவா?

லைட்டின் பஞ்சுப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் ஊசிமுனை அளவில் ஓட்டைகள் இருக்கும். ஆய்வகத்தில் இயந்திரம் உறிஞ்சும்போது அவற்றின் வழியே காற்று கலந்து புகை நீர்த்துப்போகிறது. தாரும் நிகோடினும் குறைவாகப் பதிவாவது அதனால்தான். சாதாவில் இந்த ஓட்டைகள் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை.

ஆனால் மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் ஓட்டைகளை அடைத்துவிடும். போதாததற்கு, உடம்பு கேட்கும் நிகோடின் கிடைக்கும்வரை ஆழமாகவும் அடிக்கடியும் இழுப்பார். கடைசியில் சாதா பிடிப்பவருக்குப் போவதுதான் ஏறக்குறைய இவருக்கும் போகிறது. ஆழமாக இழுத்த புகை நுரையீரலின் ஓரம்வரை போகும். அங்கே வரும் அடினோகார்சினோமா புற்றுநோய் கூடியதற்கு இந்த ஓட்டைகளும் காரணமாக இருக்கலாம் என்றது அமெரிக்க அரசின் தலைமைப் பொது சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை.

தொண்டை எரிச்சல் லைட்டில் குறைவு, அது நிஜம்தான். ஏமாற்றுவதும் அதுதான்.

சரி, டென்ஷன் குறைகிறதே என்பார்கள். முந்தைய சிகரெட்டின் நிகோடின் இறங்கியதால் வந்த படபடப்புதான் அடங்குகிறது. இதில் லைட், சாதா வித்தியாசமே கிடையாது.