சுருள்முடியை நேராக்கும் வேலை: லிக்விஃபை எதுவரை கைகொடுக்கும்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். எங்கள் பக்கத்து ஜோடிகள் அவுட்டோர் ஷூட் என்றால் புதுச்சேரிக்குத்தான் கிளம்புவார்கள். ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர், அப்புறம் கடற்கரைச் சாலை. பார்லரில் அயர்ன் வைத்து நேராக்கிய முடி அந்தக் கடல்காற்றில் அதிக நேரம் நிற்பதில்லை. அயர்னின் சூடு முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத்தான் தற்காலிகமாக மாற்றி வைக்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதைக் கலைத்து, பழைய சுருளைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஆக, முடியை நேராக்கித் தரச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. ஃபோட்டோஷாப்பில் லிக்விஃபை, குளோன் ஸ்டாம்ப், பிரஷ்ஷால் முடி வரைவது மூன்றையும் இதற்காகப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன். எது எதற்கு உதவும், எது உதவாது என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

படம் இது. மஞ்சள் சுவர் முன்னால் இடுப்பளவில் எடுத்தது, 24 மெகாபிக்சல். பெண்ணுக்குத் தோள்வரை அடர்ந்த சுருள்முடி. கல்யாணத்தன்று நேராக்கிய முடியோடு மேடையில் இருந்தார். ஆல்பத்தின் ஒரே விரிப்பில் இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. "அண்ணா, ரெண்டுல ஒண்ணு வேற யாரோ மாதிரி இருக்கு" என்றார் பெண். அவருடைய அம்மாவும் அதையே, "தம்பி, அந்தத் தலைய மட்டும் கொஞ்சம் சீவி விட்ருங்க" என்று சொன்னார்.

சீவிவிடுவதற்கு லிக்விஃபை போதும் என்றுதான் யூடியூபில் பாதிப் பேர் காட்டுகிறார்கள். அலைமுடிக்கு அது உண்மை. ஒரு பக்கமாக வளைந்து மறுபக்கம் திரும்பும் லேசான அலையை ஃபார்வர்ட் வார்ப் டூலால் தள்ளி நேராக்கிவிடலாம். சுருளுக்கு அது நடக்காது. லிக்விஃபை செய்வது ஒரு தட்டையான வலையை இழுப்பதுதான். சுருளிலோ ஒரு கற்றை இன்னொன்றின் மேல் ஏறி, சுற்றிக்கொண்டு, மறுபடி அடியில் போகிறது. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் அந்த வலை பிரித்துப் பார்க்காது. இழுத்தால் வளையம் நீள்வட்டமாகும், இன்னும் இழுத்தால் கோடுகோடாகத் தேயும். 100 சதவீத ஜூமில் பாருங்கள். இழுத்த இடத்தில் மட்டும் கேமராவின் குருணை நீண்டு, முடி மெழுகு பூசியது போல வழுக்கலாகத் தெரியும்.

அதனால் லிக்விஃபையை நான் வெளிக்கோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். சுருள்முடி வேரிலேயே எழும்பி நிற்கும், நேரான முடி மண்டையோடு ஒட்டி இறங்கும். முதலில் மாறவேண்டியது அந்த உருவம்தான். முடி இருக்கும் பகுதியைச் சதுரமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு Shift+Ctrl+X அழுத்தினால், அந்தப் பகுதி மட்டும் திறக்கும், கம்ப்யூட்டரும் திணறாது. லேயரை முன்பே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி வைத்தால், பின்னால் எப்போது வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். நெற்றி, காது, ஜிமிக்கி எல்லாவற்றையும் Freeze Mask போட்டு மூடிவிடுவேன். பிரஷ் 600 பிக்சலுக்கு மேல், பிரஷர் 20, 30க்குள். பெரிய பிரஷ்ஷால் நாலைந்து முறை மெதுவாக உள்ளே தள்ளினால் போதும். சின்ன பிரஷ்ஷால் நிறையத் தள்ளினால் ஓரம் மேடுபள்ளமாகிவிடும்.

இங்கேயே பின்னணிப் பிரச்சினை தொடங்குகிறது. முடி உள்ளே போனால் அது மறைத்திருந்த சுவர் வெளியே வரவேண்டும். அந்தச் சுவர் படத்திலேயே கிடையாது. சுவரும் சேர்ந்து இழுபட்டால் வெள்ளைக் கரைக்கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் லிக்விஃபைக்கு முன்பே, முடியைத் தனி லேயராக வெட்டிவிட்டு, அடியில் சுவரை குளோன் ஸ்டாம்ப்பால் கட்டி வைக்கவேண்டும். Sample என்ற இடத்தில் Current & Below வைத்து, காலி லேயரில் வேலை செய்வேன். சுண்ணாம்புச் சுவரின் கறைகள் கண்ணுக்குப் பழகிவிடும் என்பதால், ஒரே கறை இரண்டு இடத்தில் வராதபடி மூலத்தை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

நிழலை மறக்கக்கூடாது. இந்தப் படத்தில் பெண் சுவருக்கு அருகில் நின்றதால், முடியின் நிழல் சுருள்சுருளான ஓரத்தோடு சுவரில் விழுந்திருந்தது. தலையில் முடி நேராகவும் சுவரில் நிழல் சுருளாகவும் இருந்தால், எங்கே தப்பு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும். பழைய நிழலைச் சுவரோடு சேர்த்து அழித்துவிட்டு, புது உருவத்துக்கு ஏற்ப மல்டிப்ளை லேயரில் நிழலை வரைந்தேன். நிழலின் நிறத்தைப் படத்தில் மிச்சமிருந்த நிழலிலிருந்தே எடுத்தேன். மஞ்சள் சுவரில் நிழல் சாம்பலாக இருக்காது, பழுப்பாக இருக்கும்.

நீளம் அடுத்தது. சுருள் விரிந்தால் முடி நீளும். தோளில் நின்ற முடி நேரானால் மார்பு வரை வரவேண்டும். அதே தோள் உயரத்தில் விட்டால், முடி வெட்டிக்கொண்டது போல இருக்கும்.

இனி உள்பகுதி. கல்யாணத்தன்று எடுத்த படத்தில் அதே பெண்ணின் நேரான முடி இருக்கிறதே, அதிலிருந்து குளோன் செய்தால் என்ன? இரண்டு கோப்பையும் திறந்து வைத்து, ஒன்றிலிருந்து ஆல்ட் கிளிக் செய்து மற்றதில் தீட்டலாம். குளோன் சோர்ஸ் பேனலில் கோணத்தைத் திருப்பினால் முடி ஓடும் திசையும் பொருந்திவிடும். வெளிச்சம்தான் பொருந்தாது. மண்டபத்தில் ஃபிளாஷ் முன்னாலிருந்து அடித்தது, தெருவில் வெயில் மேலிருந்து விழுந்தது. ஆகவே அந்தப் படத்தில் மினுக்கம் இல்லாத நடுத்தர இருட்டுப் பகுதியை மட்டும் கடன் வாங்கினேன். முடியின் அடர்த்தியும் இழையும் அதிலிருந்து கிடைத்தன. மினுக்கத்தைக் கையால் வரைந்தேன்.

இந்த மினுக்கம்தான் முழு வேலையையும் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். சுருள்முடியில் ஒவ்வொரு வளைவும் தனித்தனியே வெளிச்சத்தைப் பிடிப்பதால், தலை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒளி சிதறிக் கிடக்கும். நேரான முடியில் இழைகள் எல்லாம் ஒரே திசையில் படிந்திருப்பதால், அந்த ஒளி சேர்ந்து உச்சிக்குக் கொஞ்சம் கீழே இழைகளுக்குக் குறுக்காக ஒரு பட்டையாக நிற்கும். கோடுகளை எவ்வளவு நேராக வரைந்தாலும், பழைய புள்ளி வெளிச்சம் மிச்சமிருந்தால் கண்ணுக்குச் சுருள்முடியாகவே தெரியும். முதலில் அந்தப் புள்ளிகளை எல்லாம் இருட்டாக்கி, அதன் மேல்தான் பட்டையைக் கொண்டுவரவேண்டும்.

பட்டைக்கு ஒரு கர்வ்ஸ் லேயரைப் பிரகாசமாக்கி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, முடி பிரஷ்ஷால் வெள்ளையைத் தீட்டினேன். பிரஷ்ஷை நாமே செய்துகொள்ளலாம். வெள்ளைத் தாளில் பெரிதும் சிறிதுமாக ஏழெட்டுக் கறுப்புப் புள்ளி வைத்து Define Brush Preset கொடுத்து, ஸ்பேசிங்கை 2 சதவீதத்துக்குக் குறைக்கவேண்டும். ஷேப் டைனமிக்ஸில் Angle Jitter என்பதற்குக் கீழே இருக்கும் Control-ஐ Direction என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால், கையைத் திருப்பும்போது புள்ளிகள் ஒரே வரிசையில் விழுந்து, முடிக்கற்றை நடுவில் ரிப்பன் முறுக்கியது போலச் சுருங்கும். பென் டேப்லெட் இல்லாமல் மவுஸை வைத்து இந்த வேலைக்கு இறங்கவேண்டாம். இழையின் நுனி மெலிவது பேனாவின் அழுத்தத்தால்தான்.

பட்டை ஒரே சீராக ஓடக்கூடாது. கற்றைக்குக் கற்றை கொஞ்சம் ஏறி இறங்கி, நடுநடுவே அறுந்திருக்கவேண்டும். நிறமும் வெள்ளை அல்ல. திறந்த வெளியில் வானத்தின் நீலம் முடியில் தெரியும், அதைச் சேர்த்தால்தான் படத்தோடு ஒட்டும். கடைசியில் ஓரத்தில் சில பறக்கும் முடிகளை 2 பிக்சல் பிரஷ்ஷால் போட்டேன். ஓரம் சுத்தமாக இருந்தால் விக் மாதிரி இருக்கும். காதுக்குப் பின்னால் ஃபோகஸ் போன இடத்தில் வரைந்த இழைகளைக் கொஞ்சம் ப்ளர் செய்து, முழு முடி லேயருக்கும் படத்தில் இருக்கும் அளவுக்கு நாய்ஸ் சேர்த்தேன்.

சரிபார்ப்பதற்குப் படத்தை இடவலமாகத் திருப்பி, 25 சதவீதத்தில் வைத்துப் பார்ப்பேன். உருவக் குறை அதில் தெரியும். இழையின் குறையை அச்சில்தான் பார்க்கமுடியும். மொபைலில் அருமையாகத் தெரிந்த முடி, 12x36 ஆல்பத் தாளில் பிளாஸ்டிக்காகத் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் தலைப்பகுதியை மட்டும் ஆல்ப அளவிலேயே ஒரு துண்டாக அச்சிட்டுப் பார்த்துவிட்டுத்தான் லேபுக்கு அனுப்புகிறேன். மேட் தாள் என்றால் இருட்டு இன்னும் மங்கி இழைகள் ஒன்றாகிவிடும், நடுத்தர இழைகளைக் கொஞ்சம் தூக்கி வைக்கவேண்டும்.

நேரான முடியைச் சுருளாக்கும் வேலை அரிதாகத்தான் வரும். ஒரு விதத்தில் அது எளிது. முடி பெருகுவதால் பின்னணி மறையும், சுவரைக் கட்டவேண்டியதில்லை. லிக்விஃபையில் இருக்கும் ட்வர்ல் டூலைப் பார்த்ததும் ஆசை வரும், தொடவேண்டாம். அது முடியை இடியாப்பமாகப் பிழிந்து வைக்கும். ஒரு கற்றையைத் தனி லேயரில் எடுத்து, ஃபார்வர்ட் வார்ப்பால் இடமும் வலமுமாக வளைத்து, நுனிக்குப் போகப் போக வளைவை நெருக்கவேண்டும். பிறகு அதைப் பல பிரதிகளாக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். பிரதியைத் திருப்பிப் போட்டால் வெளிச்சமும் திரும்பிவிடும் என்பதால், ஒவ்வொரு வளைவிலும் வெயில் பக்கத்தைப் பிரகாசமாக்கி உள்வளைவை இருட்டாக்கும் வேலை பின்னாலேயே வரும். நேரம் அதில்தான் போகிறது.

சில படங்களை இப்போது எடுப்பதில்லை. சூரியன் பின்னாலிருந்து அடித்து, சுருளின் ஓரம் முழுக்கத் தங்க நூலாக எரியும் படத்தில் அந்த ஒளி முடிக்குள்ளும் புகுந்திருக்கும், அதை வரைந்து ஈடுகட்டமுடியாது. முகத்தின் மேல் சுருள் விழுந்திருந்தால், அடியில் இருக்கும் கன்னத்தையே புதிதாக வரையவேண்டியிருக்கும், அது வேறு ஆளின் முகமாகிவிடும். தலை நிறைய மல்லிகைச்சரம் இருந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன், பாதி முடியை அதுவே மறைத்துவிடும். இன்னொன்றையும் ஆர்டர் எடுக்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவிடுகிறேன்: ஆல்பத்தில்தான் முடி நேராகும். அதே ஷூட்டின் வீடியோவில் சுருள் அப்படியேதான் இருக்கும்.