சார்ஜ் போட்டபடி வீடியோ கால்: வேகச் சார்ஜரா, மெதுச் சார்ஜரா, கழற்றிவிட்டுப் பேசுவதா?

மே மாதப் பிற்பகல். ஃபேன் மட்டும் ஓடும் அறையில் 34 டிகிரி. போனில் 18 சதவீதம்தான் மிச்சம், இன்னும் சற்று நேரத்தில் ஒரு மணி நேர வீடியோ கால். பெரும்பாலானோர் கையில் கிடைக்கும் வேகச் சார்ஜரைச் செருகிவிட்டுப் பேசத் தொடங்குவார்கள். இருப்பதிலேயே மோசமான தேர்வு அதுதான். ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

5000 எம்ஏஎச் பேட்டரி என்றால், அதில் சேமிக்க முடிவது சுமார் 19 வாட்-மணி. வீடியோ கால் என்பது போனுக்குக் கடுமையான வேலை. கேமரா ஓடுகிறது, நம் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, அவர்கள் படத்தை விரித்துக் காட்டுகிறது, திரை அணையாமல் எரிகிறது, ரேடியோ ஒரு நொடிகூட ஓய்வதில்லை. எல்லாம் சேர்ந்து சுமார் 3.5 வாட் என்று வைத்துக்கொள்வோம். போன் செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகவே மாறுகிறது. உள்ளே ஃபேன் இல்லாத ஒரு போன், கை சுடாத அளவில் வெளியேற்றக்கூடிய சூடு தோராயமாக 3 முதல் 4 வாட். ஆக, வெறும் கால் ஒன்றே அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் சார்ஜிங் எவ்வளவு சூட்டைக் கூட்டுகிறது என்பதுதான் விஷயம்.

வேகச் சார்ஜர், காலின்போதே

18 வாட் சார்ஜர் எனக் கொள்வோம். அது 9 வோல்ட்டில் அனுப்பும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி 4 வோல்ட் அளவுக்கு இறக்குவது போனுக்குள் இருக்கும் ஒரு சிறு சிப். அந்த இறக்கத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.8 வாட், சூடாகப் போகிறது. காலுக்கு 3.5 வாட் போக மீதி 12.7 வாட் பேட்டரிக்குள் இறங்கும். சுமார் 3.3 ஆம்பியர்.

பேட்டரிக்கும் ஓர் உள்தடை உண்டு. அதில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும்: ஆம்பியர் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. கணக்குக்காக 0.1 ஓம் என்று வைத்தால் 3.3 × 3.3 × 0.1, அதாவது 1.1 வாட். மொத்தம் 6.4 வாட். வெளியேற்ற முடிவதோ 4.

இந்த இடைவெளியைப் போன் சும்மா விடாது. லித்தியம்-அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்கான வழக்கமான மேல்வரம்பு 45 டிகிரி. அதை எட்டுவதற்கு வெகு முன்பே போன் மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். பிறகு திரை மங்கும், சிப்பின் வேகம் இறங்கும், நம் படம் எதிரில் இருப்பவருக்குத் திக்கித் திக்கிப் போகும். ஐபோனாக இருந்தால் `Charging On Hold` என்று அறிவித்துவிட்டு நிறுத்தியே விடும். ஆக, வேகச் சார்ஜர் பெயரளவுக்குத்தான் வேகம். வேகமும் கிடைக்கவில்லை, பேட்டரிதான் முழு மணி நேரமும் சூட்டில் வெந்தது.

சில நிறுவனங்களின் வேகச் சார்ஜிங்கில் வோல்ட் இறக்கும் வேலையின் பெரும்பகுதி அடாப்டரிலேயே முடிந்துவிடும். ஓப்போ கொண்டுவந்த வூக் வகை அப்படிப்பட்டது. அதில் அடாப்டர் கொதிக்கும், போன் அந்த அளவுக்குச் சுடாது. ஆனால் பேட்டரியின் உள்தடையில் எழும் சூடு எங்கும் போய்விடாது.

முதலில் சார்ஜ், பிறகு கழற்றிவிட்டுக் கால்

அதே 18 வாட் சார்ஜரில், திரையை அணைத்து, 20 நிமிடம் மட்டும் போடுங்கள். இறக்கத்தில் 1.8 வாட், பேட்டரிக்குள் 4.2 ஆம்பியர் ஓடுவதால் இன்னொரு 1.8 வாட். மொத்தம் 3.6 வாட், வரம்புக்குள். 20 நிமிடத்தில் சுமார் 4.8 வாட்-மணி ஏறும், அதாவது 25 சதவீதம். 18-ல் இருந்தது 43 ஆகிவிடும். கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் பேசினால் 18 சதவீதம் செலவாகி 25-ல் நிற்கும்.

மொத்தச் செலவில் பெரிய மாற்றமில்லை. இரண்டு சூடும் ஒரே நேரத்தில் ஏறாமல், ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன, அவ்வளவுதான். நேரம் இருக்கிறவர்களுக்கு இதுவே சரி. வேகச் சார்ஜிங் பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் முழு மூச்சில் ஓடும், 80-ஐத் தாண்டினால் தானே தளர்ந்துவிடும் என்பதால், 18-லிருந்து 43 வரை என்பது அதற்குச் சாதகமான இடமும்கூட.

மெதுச் சார்ஜர், காலின்போதே

20 நிமிடமும் இல்லையென்றால் அலமாரியில் கிடக்கும் பழைய 5 வாட் சார்ஜரை எடுங்கள். 5 வாட்டில் அரை வாட் இறக்கத்தில் போகும், 3.5 வாட் காலுக்குப் போகும், பேட்டரிக்கு 1 வாட்டுதான் வந்து சேரும். 0.25 ஆம்பியர் அளவுள்ள அந்த மின்னோட்டத்தில் பேட்டரி சூடாவதே தெரியாது. மொத்தச் சூடு 4 வாட். மணி முடிவில் 18 சதவீதம் 23 ஆகியிருக்கும். கூடியது குறைவுதான், ஆனால் கால் அறுபடாது, திரை மங்காது.

லேப்டாப்பின் பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது அரை ஆம்பியர், 2.5 வாட். அதில் செருகினால் போன் சார்ஜ் ஆகிறது என்று காட்டும், ஆனால் சதவீதம் மெல்ல இறங்கும். நம் கணக்கில் 18 இருந்தது 12-க்கு அருகில் வரும். பலர் இதைப் பார்த்துக் கேபிள் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். கேபிள் மேல் குற்றமில்லை. வரவை விடச் செலவு கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. 40 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு.

மெதுச் சார்ஜர் கையில் இல்லாத சாம்சங்காரர்கள் `Settings` → `Battery` போய், சார்ஜிங் அமைப்பில் `Fast charging` என்பதை அணைத்தால் அதே சார்ஜர் மெதுவாகிவிடும். ஒன் யூஐ பதிப்பைப் பொறுத்து இது ஓரிரு படி உள்ளே ஒளிந்திருக்கும்.

வயர்லெஸ்

இதை நீட்ட வேண்டியதில்லை. இரண்டு கம்பிச் சுருள்களுக்கு இடையே காற்றைத் தாண்டி வரும் மின்சாரத்தில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வீணாகும். அதில் ஒரு பகுதி போனின் முதுகிலேயே சூடாகும். சூடு வெளியேற வேண்டிய அந்த முதுகை அடைத்துக்கொண்டு சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. காலின்போது வேண்டவே வேண்டாம்.

காலின் சூட்டைக் குறைக்கும் அமைப்புகள்

சார்ஜரைத் தீர்மானித்த பிறகு அந்த 3.5 வாட்டைக் குறைக்கப் பார்க்கலாம். அதிகப் பலன் தருவது சிக்னல். வைஃபை இருந்தால் வைஃபைதான். மொபைல் டேட்டாவில்தான் ஆக வேண்டும் என்றால் `About phone` → `Status` பகுதியில் சிம் நிலையைத் திறந்து சிக்னல் அளவைப் பாருங்கள். மைனஸ் 85 டிபிஎம் என்றால் நல்லது, மைனஸ் 110 என்றால் போன் டவரை நோக்கிக் கத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். வீடியோ காலில் நாமும் இடைவிடாமல் அனுப்புவதால் அந்தக் கத்தல் முழுக்கச் சூடாகும். ஜன்னல் பக்கம் நகர்வதுகூட மாற்றம் தரும். 5ஜி கட்டங்கள் வந்து வந்து போனால், சிம் அமைப்பில் `Preferred network type` என்பதை 4ஜிக்கு மாற்றிவிட்டுப் பேசுங்கள். 4ஜியைச் சார்ந்து ஓடும் வகை 5ஜியில் போன் இரண்டு ரேடியோவையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். காலுக்கு அந்த வேகமும் தேவையில்லை.

அடுத்தது பின்னணியை மங்கலாக்கும் வசதி. ஒவ்வொரு ஃபிரேமிலும் உங்கள் தலைமுடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று போன் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை அணைத்துவிட்டு, பின்னால் ஒரு வெற்றுச் சுவர் இருக்கும்படி உட்காருங்கள். வாட்ஸ்அப்பில் `Settings` → `Storage and data` → `Use less data for calls` போட்டால் படத்தின் தரம் இறங்கும், வேலையும் குறையும். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டம் என்றால் கேமராவை அணைப்பதற்கு ஈடானது எதுவும் இல்லை.

திரையில் வெளிச்சத்தைக் கையால் பாதிக்குக் கீழே இறக்குங்கள். தானியங்கியில் விட்டால் ஜன்னல் அருகே அது உச்சத்துக்கு ஏறிவிடும். 120 ஹெர்ட்ஸை 60 ஆக்கலாம். வருகிற வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம்தான் என்பதால் கண்ணுக்கு இழப்பில்லை.

தினமும் மேசையில் மணிக்கணக்காகக் கால் பேசுபவர்கள் 80 சதவீத வரம்பைப் போட்டுவைக்கலாம். ஐபோன் 15 முதல் இது உண்டு, சாம்சங்கில் `Battery protection` என்ற பெயரில் இருக்கிறது. வரம்பைத் தொட்டபின் பேட்டரிக்குள் மின்சாரம் போவது நிற்கும். சாம்சங்கின் சில மாடல்களில் வரும் `Pause USB Power Delivery` இதையே எந்தச் சதவீதத்திலும் செய்யும் என்று நம்பித் தேடுபவர்கள் உண்டு. அது கேம் விளையாடும்போது மட்டும் தலைகாட்டும் வசதி, வீடியோ காலுக்கு உதவாது.

கவரைக் கழற்றுங்கள். தலையணை மேல் சாய்த்து வைக்காமல், முதுகில் ஃபேன் காற்று படும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கால் முடிந்து சூடாக இருந்தால் சமையல் மேடைக் கிரானைட் மேல் மல்லாத்தி வையுங்கள், கல் சூட்டை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த போன்மீது நீராகப் படியும், உள்ளேயும் படியலாம்.

இயல்பான சூடா, கோளாறா?

விரலால் தடவி எங்கே சுடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் கேமராவை ஒட்டிய மேல்பகுதி சுட்டால் அது சிப், கால் நின்றதும் ஆறத் தொடங்கும். நடுப்பகுதி பேட்டரி. சார்ஜர் செருகும் துளை மட்டும் தனியாகக் கொதித்தால் அமைப்புகளை மாற்றிப் பயனில்லை. துளையில் பஞ்சு அடைந்திருக்கும், அல்லது பிளக் தளர்ந்து முனைகள் சரியாகத் தொடாமல் இருக்கும். போனை அணைத்து, மரப் பல்குச்சியால் மெல்ல எடுத்துவிட்டு வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவு தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அந்தப் போனைச் சார்ஜ் போடாமல், அழுத்திச் சமப்படுத்தப் பார்க்காமல், சர்வீஸுக்கு எடுத்துப் போக வேண்டும்.

கையின் கணக்கு ஏமாற்றும். கூகுள் தரும் `adb` கருவியை நிறுவிய கணினியில் ஆண்ட்ராய்டு போனை இணைத்து, போனின் `Developer options` பகுதியில் `USB debugging` போட்டபின், கணினியின் கட்டளைத் திரையில் இதை அடித்தால் உண்மை எண் வரும்:

```
adb shell "dumpsys battery | grep temperature"
```

`temperature: 385` என்று வந்தால் 38.5 டிகிரி. நமது 34 டிகிரி அறையில் காலின்போது 38, 40 எல்லாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். 43-ஐத் தாண்டிப் போனால் சார்ஜரைக் கழற்றுங்கள். கழற்றிப் பதினைந்து நிமிடமாகியும், கால் எதுவும் இல்லாமலும் அது இறங்கவில்லையென்றால், பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து எந்த ஆப் மேலே நிற்கிறது என்று பாருங்கள்.