1,72,000-ஆ, 1,96,000-ஆ? இரண்டு சோலார் கொட்டேஷன்கள்

3 கிலோவாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த கொட்டேஷன்களில் கடைசியில் நின்றவை இரண்டு. முதலாமவர் 1,72,000 ரூபாய் கேட்டார், இரண்டாமவர் 1,96,000. நான் இரண்டாமவரிடம்தான் போட்டேன்.

முதலில் மானியத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள். மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், அதில் பதிவு செய்த விற்பனையாளர் யாரிடம் போட்டாலும் அதே தொகைதான். உள்நாட்டு செல்லில் செய்த பேனலாகவும் இருக்க வேண்டும். பணம் வேலை முடிந்த பிறகு நம் வங்கிக் கணக்குக்கு வரும். 'மானியம் போக' என்று பெரிய எழுத்தில் போட்ட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பேனல் வாரண்டியிலும் பெரிய வேறுபாடு இல்லை. இருவருமே 25 வருடம் என்றார்கள். அது மின் உற்பத்தி இவ்வளவுக்குக் கீழே குறையாது என்ற உறுதி மட்டும். பேனலே பழுதானால் மாற்றித் தருவதற்கான வாரண்டி தனி, இரண்டிலும் 12 வருடம்.

முடிவு செய்தது, பேனல் தரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர். பேனலில் ஓடுகிற பாகம் எதுவும் இல்லை. இன்வெர்ட்டரோ வெயில் காலம் முழுக்கச் சூட்டில் உழைக்கிற மின்னணுப் பெட்டி, முதலில் படுப்பது பெரும்பாலும் அதுதான். முதலாமவர் கொடுத்தது 5 வருடம். 10 ஆக்க 6,000 கூடுதல். இரண்டாமவர் விலையிலேயே 10 வருடம் இருந்தது. வருடக் கணக்கைவிட நான் துருவிக் கேட்டது வேறு: கெட்டால் வீட்டுக்கு வந்து மாற்றுவார்களா, நாம் கழற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப வேண்டுமா? கூலியும் லாரி வாடகையும் யார் தலையில்? இரண்டாமவர் 'இடத்திலேயே மாற்றித் தருவோம்' என்று எழுதிக் கொடுத்தார். முதலாமவர், 'அதெல்லாம் பாத்துக்கலாம் சார்' என்றார். எங்கள் இன்வெர்ட்டர் இன்னும் மக்கர் செய்யவில்லை, ஆகவே அந்த எழுத்து எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு என் அனுபவம் சாட்சி சொல்லாது.

இனி அந்த 24,000 ரூபாய் வித்தியாசம். முதலாமவரின் தாளில் அடியில் பொடி எழுத்தில் இருந்தவற்றைக் கூட்டினேன். துணி காயப்போட அடியில் நடமாட வேண்டும் என்றால் உயர்த்திய ஸ்ட்ரக்சருக்கு 14,000. கேபிள் 15 மீட்டர் வரைதான் இலவசம். எங்கள் மாடியிலிருந்து மீட்டர் பெட்டிக்கு 35 மீட்டர், மிச்சம் 20 மீட்டருக்கு மீட்டர் 120 வீதம் 2,400. இன்வெர்ட்டர் வாரண்டி 6,000. ஆக 1,94,400. எஞ்சிய வித்தியாசம் 1,600 ரூபாய். அதிலும் எர்த்திங் குழி அவரிடம் ஒன்றுதான். இரண்டாமவர் டிசி, ஏசி, இடிதாங்கி என மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டிருந்தார். நாம் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுப்பதையும் அளக்கும் நெட் மீட்டருக்கான கட்டணமும் முதலாமவரிடம் 'உள்ளபடி' என்று மட்டும் இருந்தது.

எவரிடம் போட்டாலும் கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். பேனல், இன்வெர்ட்டர் சீரியல் நம்பர்கள் பில்லில் ஏறி, இன்வெர்ட்டர் கம்பெனியின் தளத்தில் உங்கள் பெயரில் பதிவான பிறகு கொடுங்கள். பல கம்பெனிகளில் அந்தப் பதிவு இல்லாவிட்டால் நீட்டித்த வாரண்டி செல்லாது.