போன் வரும் முன்னே பொட்டி கத்தினால்: தகடா, கெப்பாசிட்டரா?

காசிமேட்டில் மாமாவின் டீக்கடையில் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு சின்ன ஆம்ப் இருக்கிறது. பாட்டுக்கு ஆக்ஸ் வயர், பக்கத்திலேயே அவருடைய பட்டன் போன். "இன்னாடா, போன் அடிக்கறதுக்கு முன்னாடியே பொட்டி தடதடங்குது" என்பார். அதை நிறுத்தப் பெட்டிக்குள் உலோகத் தகடு போடலாம், அல்லது வயர் நுழையும் இடத்திலேயே வடிகட்டலாம். நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

சத்தம் 2ஜியுடையது. 2ஜி போன் விடாமல் அலை அனுப்பாது, 4.6 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு சின்னத் துண்டாக அனுப்பும். வினாடிக்குச் சுமார் 217 முறை. ஆம்ப் ஐசியின் உள்ளீட்டில் இருக்கும் டிரான்சிஸ்டர் அந்த 900 மெகாஹெர்ட்ஸ் அலையை டயோடு மாதிரி நேர்ப்படுத்திவிட, 217 ஹெர்ட்ஸ் துடிப்பு மட்டும் காதுக்கு வருகிறது. டவர் கூப்பிட்டதும் போன் பதில் அனுப்பி, பேச்சுக்கு வழி பேசி முடித்த பிறகுதான் மணி அடிக்கும். பெட்டி முந்திக்கொள்வது அதனால்தான். 4ஜியிலேயே பேசும் போனில் இது பெரும்பாலும் இருக்காது. ஸ்மார்ட்போனிலும் கேட்டால் VoLTE அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்; அணைந்திருந்தால் அழைப்புக்காக அது 2ஜிக்கு இறங்கக்கூடும்.

போனைத் தள்ளி வைப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஒன்று மட்டும் சொல்கிறேன்: இந்த நேர்ப்படுத்தலில் சத்தம் அலையின் வலிமைக்கு இருமடி விகிதத்தில் மாறும். தூரம் இரட்டித்து அலை பாதியானால் சத்தம் கால்வாசியாகும். வடிகட்டலுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்பதால் கொஞ்சம் தடுத்தாலே நிறைய அடங்கும்.

தகடு வழியில் தடிமன் பிரச்சினையே இல்லை. 900 மெகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்தில் 3 மைக்ரானுக்குள்ளேயே பெரும்பாலும் தேய்ந்துவிடும், சமையலறை ஃபாயிலே போதும். சிக்கல் இணைப்பில். ஃபாயில் மடிப்புகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, ஆம்பின் கிரவுண்டோடும் சேர வேண்டும். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது. திருகி அழுத்தினால்தான் உண்டு. காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்றில் திருகு துருப்பிடிக்கும், அலுமினியத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூப்பு மின்சாரம் கடத்தாது. போட்ட புதிதில் அமைதியாக இருந்த பெட்டி மழைக்காலம் கழிந்ததும் மறுபடி தடதடக்கலாம். பிறகு கழற்றி, உரசி, திருகி... டீக்கடைக்காரர் அதைச் செய்வாரா? அதைவிடப் பெரிய ஓட்டை ஆக்ஸ் வயர்தான். 900 மெகாஹெர்ட்ஸுக்கு 8 சென்டிமீட்டர் வயரே நல்ல ஆன்டெனா. தகட்டைத் துளைத்து உள்ளே போகும் வயர் அலையையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஆகவே முதலில் அலை எங்கே நுழைகிறது என்று பார்த்தேன். பாட்டை நிறுத்தி, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பெட்டி அருகே போனுக்கு ஒரு அழைப்பு. சத்தம் போய்விட்டது. ஆக்ஸைப் பிடுங்கிவிட்டு வால்யூமை ஏற்றினாலும் இல்லை. அப்படியானால் நுழைவாயில் ஆக்ஸ் வயர்.

ஐசியின் உள்ளீட்டுக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 33 பிகோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், இடது வலது இரண்டுக்கும் ஒவ்வொன்று. 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஐசிக்குள் போகாமல் இதன் வழியே கிரவுண்டுக்கு இறங்கிவிடும். கால் இல்லாத எஸ்எம்டி வகை நல்லது. கால் உள்ளதென்றால் ஒட்ட வெட்டி ஐசிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும், நீண்ட கால் இந்த அலைவரிசையில் காயில்போல நடந்துகொண்டு வேலையைக் கெடுக்கும். பாட்டு மங்குமோ என்ற பயம் வேண்டாம். உள்ளீட்டில் 10 கிலோ ஓம் இருந்தாலும் இது வெட்டத் தொடங்குவது 480 கிலோஹெர்ட்ஸ் அருகில், காதுக்கு 20-தான் எல்லை.

கூடவே வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிளிப் ஃபெரைட், அதாவது வயரைக் கவ்விக்கொண்டு ரேடியோ அலையைத் தடுக்கும் கருப்பு வளையம். இதில் வயரை நாலைந்து சுற்று சுற்றுவது வழக்கம். இங்கே வேண்டாம், சுற்றுகளுக்கு இடையே உண்டாகும் கெப்பாசிட்டன்ஸ் வழியே 900 மெகாஹெர்ட்ஸ் தாவிவிடும். ஒரே முறை நுழைத்தால் போதும். வாங்கும்போது 1 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் வகைதானா என்று கேளுங்கள். பலவும் அதற்குக் கீழே உள்ள அலைகளுக்கானவை.

இப்போது போனை ஆம்ப் மேலேயே வைத்தால்தான் லேசாகக் கேட்கிறது. கழற்றி உரச எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

வால்யூம் பூஜ்யத்திலும் அதே அளவு கத்தினால் கதை வேறு: அலை ஸ்பீக்கர் வயர் வழியாகவோ, நேரே போர்டிலோ நுழைகிறது. ஸ்பீக்கர் வயரானால் ஃபெரைட் மட்டும் போடுங்கள். ஆம்ப் வெளியீட்டில் கெப்பாசிட்டர் வைத்தால் சில ஐசிகள் நிலைதடுமாறிச் சூடாகும். நேரே போர்டில் ஏறுகிறது என்றால் தகட்டைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அப்போதும் அலுமினியத்தைவிட ஈயம் பிடிக்கும் தகரமோ செம்புத் தகடோ எடுங்கள். பெரிய மேடை மிக்சர்களை நான் திறந்து பார்த்ததில்லை, அவற்றுக்கு இதை அப்படியே பொருத்த வேண்டாம்.